தாராவிக் கைமுறுக்கும் 45 விநாடி வீடியோவும்: வெட்டு, எழுத்து, இசை எல்லாம் போனிலேயே

தீபாவளிக்கு ஆர்டர் பிடிக்க ஒரு சின்ன வீடியோ வேண்டும் என்று தாராவி 90 அடி சாலைப் பக்கம் இருக்கும் முறுக்குக்கார அக்கா கேட்டார். ஊர் திருநெல்வேலிப் பக்கம். இங்கே வந்த பிறகும் அச்சைத் தொடாமல் விரலால் முறுக்கு சுற்றுகிறவர். அந்த வீடியோவை எப்படி வெட்டினோம், எழுத்தை எப்படிப் போட்டோம், பின்னணி இசையை எங்கே வைத்தோம், எங்கே எடுத்தோம் என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் விற்பது பூவாக இருக்கலாம், தையலாக இருக்கலாம், மாலை நேர இட்லியாக இருக்கலாம். ஒருவர் பேசுகிறார், கை வேலை செய்கிறது என்ற அமைப்பு இருந்தால் இந்த முறை அப்படியே பொருந்தும்.

வேலையின் வரிசையை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: பேச்சை வெட்டி முடிப்பது, வெட்டின இடங்களைக் கைவேலைக் காட்சியால் மூடுவது, எழுத்து போடுவது, கடைசியாக இசை. பலரும் பாட்டை முதலில் போட்டு அதற்கேற்ப படத்தை வெட்டுகிறார்கள். நடனத்துக்கு அது சரி. பேச்சு இருக்கிற வீடியோவில் அப்படிச் செய்தால், அரை விநாடி வெட்டினாலும் எழுத்து, இசை இரண்டும் இடம் மாறிப்போய் எல்லாவற்றையும் திரும்ப நகர்த்த வேண்டி வரும். பேச்சுதான் முதுகெலும்பு. அது முடிவாகும் வரை வேறெதையும் தொடாதீர்கள்.

செயலியும் கையில் இருக்கும் காட்சிகளும்

நான் VN பயன்படுத்துகிறேன். இன்ஷாட்டிலும் இதே வேலையைச் செய்யலாம். எந்தச் செயலியாக இருந்தாலும் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: முதன்மைக் காட்சியின் மேல் இன்னொரு காட்சியை அடுக்க முடிய வேண்டும், நாம் இறக்கிய தமிழ் எழுத்துருவைச் சேர்க்க முடிய வேண்டும், முடிந்த வீடியோவில் செயலியின் வாட்டர்மார்க் விழக் கூடாது.

படம் பிடிக்கும்போதே ஒன்றைச் செய்திருந்தால் எடிட்டிங் பாதி முடிந்த மாதிரி. அக்கா பேசுவதை அடுப்பை அணைத்த பிறகு தனியாக எடுங்கள். எண்ணெய் பொரியும் ஓசை கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் அது பேச்சில் வரும் ச, த, ட போன்ற எழுத்துகளின் கூர்மையை விழுங்கிவிடும். ஒன்றாகப் பதிவாகிவிட்டால் போனில் அதைப் பிரித்தெடுத்து நல்ல குரலைக் கொண்டுவருவது கஷ்டம். பேச்சு தனி, பொரிகிற சத்தம் தனி என்று இருந்தால் எதை எவ்வளவு வைப்பது என்பது நம் கையில்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் எடுப்பதற்கு முன் கேமரா செட்டிங்கில் HDR Video என்பதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சில செயலிகளுக்குள் போனதும் வெள்ளை மாவும் வெள்ளைத் துணியும் வெளிறிப்போய்த் தெரியும். 1080p, 30 fps போதும். 4K எடுத்தால் இடத்தைத்தான் அடைக்கும். ரீல்ஸும் ஷார்ட்ஸும் போனில் பார்க்கிறவை.

எங்களிடம் இருந்தவை: அக்கா உட்கார்ந்து பேசும் ஒரு நீளமான காட்சி, இரண்டரை நிமிடத்துக்கு மேல். அதோடு விரல் மாவைத் திருகுவது, முறுக்கு எண்ணெயில் இறங்குவது, நுரை அடங்குவது, வடிதட்டில் எடுத்துப் போடுவது, ஒரு முறுக்கை உடைப்பது, கவரில் போட்டுக் கட்டுவது என்று கிட்டக் காட்சிகள். கூடவே யாரும் பேசாத, வேலை எதுவும் நடக்காத அறையின் சத்தம் 20 விநாடி. அது எதற்கு என்பது பின்னால் வரும்.

பேச்சை வெட்டுவது

முதல் வேலைக்குச் செயலி தேவையில்லை. பேச்சுக் காட்சியைப் போட்டு, படத்தைப் பார்க்காமல் காதால் மட்டும் கேளுங்கள். ஒரு தாளில் நல்ல வாக்கியங்களையும் அவை வரும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பார்த்துக்கொண்டே தேர்ந்தெடுத்தால் முகம் நன்றாக இருக்கிற இடத்தைத்தான் மனம் பிடிக்கும், சொல் நன்றாக இருக்கிற இடம் தப்பிவிடும்.

அக்கா பேசியதில் நாங்கள் எடுத்துக்கொண்டது ஐந்தே வாக்கியம்:

"கைமுறுக்குக்கு அச்சு கிடையாது. விரல்தான் அச்சு."

"பச்சரிசிய ஊற வச்சு, நெழல்ல ஒணத்தி, அரைச்சு சலிக்கணும்."

"மாவு இறுகிருச்சின்னா சுத்து ஒடையும். இளகிருச்சின்னா திருகு நிக்காது."

"எண்ணெயில நொரை அடங்குனதும் எடுத்துரணும்."

"தாராவியில எங்க வீட்டுலதான் சுத்துறோம். மொத நாளு சொன்னீங்கன்னா மறுநாள் கையில குடுத்துருவோம்."

இவற்றில் முதல் வாக்கியத்தை அவர் சொன்னது பேச்சின் பின்பாதியில், போகிற போக்கில். பேச்சின் தொடக்கத்தில் அவர் சொன்னது வணக்கமும் பெயரும் ஊரும். அதை முன்னால் வைத்தால் பார்க்கிறவர் விரலை நகர்த்திவிடுவார். அச்சு கிடையாது என்ற வரி முன்னால் வந்தால், அப்படியானால் எப்படிச் சுற்றுகிறார் என்ற கேள்வி பார்க்கிறவர் மனதில் எழும். அடுத்த நாற்பது விநாடி அந்தக் கேள்விக்குப் பதில். நீங்கள் வெட்டும்போதும் இப்படி ஒரு வரியைத் தேடுங்கள். பெரும்பாலும் பேசுபவர் கேமராவை மறந்த பிறகுதான் அது வரும்.

இப்போது VN-இல் புதிய ப்ராஜெக்ட் திறந்து, அளவை 9:16 என்று வைத்து, பேச்சுக் காட்சியைச் சேருங்கள். காலக்கோட்டை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குங்கள். குறித்து வைத்த வாக்கியம் தொடங்கும் இடத்தில் நிறுத்தி Split, முடியும் இடத்தில் Split, தேவையில்லாத துண்டை Delete. ஐந்து துண்டும் தயாரானதும் ஒவ்வொன்றையும் அழுத்திப் பிடித்து இழுத்து வரிசையை மாற்றுங்கள்.

சரியாக எங்கே வெட்டுவது என்பதுதான் இதில் கைப்பழக்கம். தமிழில் வினை கடைசியில் வருகிறது. "எண்ணெயில நொரை அடங்குனதும்" வரை எதுவும் முடியவில்லை, "எடுத்துரணும்" வந்தால்தான் விஷயம். அந்தக் கடைசிச் சொல்லோ "ம்" என்று முடிகிறது. ஒலி அலையில் அந்த "ம்" ஒரு மெல்லிய கோடாகத்தான் தெரியும், மௌனம் என்று நினைத்து வெட்டிவிடத் தோன்றும். வெட்டினால் "எடுத்துரணு" என்று தொங்கும். அதனால் சொல்லின் முன்பக்கம் கறாராக வெட்டுங்கள், மூன்று நான்கு ஃப்ரேம் இருந்தால் போதும். பின்பக்கம் தாராளமாக விடுங்கள், பத்து ஃப்ரேம் வரை. 30 fps-இல் பத்து ஃப்ரேம் என்பது ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. அலையைப் பார்த்து வெட்டாமல், இயர்போன் போட்டுக் கேட்டு வெட்டுங்கள்.

இடையில் வரும் "வந்து", "ஆங்", "அதாவது" போன்றவற்றைப் பெரும்பாலும் எடுத்துவிடலாம். ஆனால் மூச்சு வாங்கும் இடத்தையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டால் பேசுவது மனிதர் மாதிரி இருக்காது. இரண்டு வாக்கியத்துக்கு நடுவே கால் விநாடி மூச்சு இருக்கட்டும். வெட்டைப் பார்த்துவிட்டு அக்காவே, "என்ன தம்பி, நான் பேசுனதுல முக்காவாசிய வெட்டிப்புட்டியே" என்றார். திரும்ப ஒரு தடவை போட்டுக் காட்டினேன். "சரிதான், இதத்தான் நான் சொல்ல வந்தேன்" என்றார். பேசியவருக்கு அப்படித் தோன்ற வேண்டும். ஒருவர் சொல்லாத அர்த்தம் வரும்படி வெட்டை ஒட்டவே கூடாது. அதனால் வெட்டி முடித்ததும் பேசியவரிடம் காட்டிவிடுவது என் வழக்கம்.

வெட்டின இடத்தில் "டக்" என்று ஒரு சத்தம் கேட்டால், ஒலி அலை மேலே ஏறி நிற்கிற இடத்தில் கத்தி விழுந்திருக்கிறது. வெட்டை ஓரிரு ஃப்ரேம் முன்னோ பின்னோ நகர்த்தினால் போய்விடும். இன்னொரு தொல்லை, துண்டுக்குத் துண்டு அறையின் இரைச்சல் மாறுவது. ஒரு துண்டில் பக்கத்து வீட்டு மிக்சி தூரத்தில் ஓடியிருக்கும், அடுத்ததில் ஓடியிருக்காது. தகரக் கூரை வீடுகளில் மழை நேரத்தில் இது இன்னும் அதிகம். அதற்குத்தான் அந்த 20 விநாடி வெற்று அறைச் சத்தம். அதைத் தனி ஒலித் தடமாக அடியில் மெல்லியதாக, முதலிலிருந்து கடைசி வரை ஓட விடுங்கள். 45 விநாடிக்கு அதை மூன்று முறை அடுக்க வேண்டியிருக்கும். மாறுகிற இரைச்சலைத்தான் காது கவனிக்கும், ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருக்கும் இரைச்சலைக் கொஞ்ச நேரத்தில் கவனிக்காமல் விட்டுவிடும்.

வெட்டை மூடுவது

ஐந்து துண்டையும் ஒட்டிப் பார்த்தால் அக்காவின் தலை ஒவ்வொரு வெட்டிலும் குதிக்கும். இதை மறைக்க மின்னல், சுழற்சி, பக்கம் புரட்டுவது என்று செயலியில் நிறைய மாற்றங்கள் இருக்கின்றன. சமையல் வீடியோவுக்கு அவை வேண்டாம் என்பது என் கருத்து. கையில் நல்ல கிட்டக் காட்சிகள் இருக்கும்போது அவற்றால் மூடுவதுதான் அழகு. பார்க்கிறவருக்கும் அதுதான் வேண்டும்.

மேல் தடத்தில் கிட்டக் காட்சியைச் சேர்த்து, திரை முழுவதும் நிறையும்படி விரித்துவிடுங்கள். அது வெட்டுக்கு அரை விநாடி முன்பே தொடங்கி, வெட்டைத் தாண்டி ஒரு விநாடியாவது ஓட வேண்டும். சரியாக வெட்டின் மேலேயே தொடங்கினால் குரலும் படமும் ஒன்றாக மாறி, இரண்டு துண்டு ஒட்டியிருப்பது அப்பட்டமாகத் தெரியும். குரல் ஓடிக்கொண்டிருக்கும்போது படம் மட்டும் மாறினால் ஒட்டு தெரியாது.

எங்கள் வீடியோவில் முதல் வாக்கியத்துக்கு அக்காவின் முகமே இல்லை. விரல் மாவைத் திருகித் திருகி வட்டமாகச் சுற்றுவது மட்டும். "விரல்தான் அச்சு" என்று சொல்லும்போது முதல் சுற்று முடிந்து இரண்டாவது சுற்று தொடங்குகிறது. அதற்குப் பிறகுதான் முகம். மாவு இறுகுவதைச் சொல்லும்போது முகத்தை மறைக்காமல் விட்டோம். அந்த வரியைச் சொல்லும்போது அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டுகிறார், அதைவிட நல்ல விளக்கம் வேறு இல்லை. நுரை அடங்குவதைச் சொல்லும்போது எண்ணெய்ச் சட்டி. முதலில் முறுக்கைச் சுற்றிப் பொங்குகிற நுரை, பிறகு அது தணிந்து முறுக்கு தெளிவாகத் தெரிவது. உண்மையில் அதற்கு ஆகும் நேரத்தை வீடியோவில் காட்ட முடியாது. பொங்குகிற இரண்டு விநாடி, தணிந்த பிறகு இரண்டு விநாடி என்று இரண்டு துண்டாக வைத்தோம். வேகத்தைக் கூட்டி ஓட்டியிருக்கலாம், ஆனால் வேகமாக ஓடும் எண்ணெய் பொய்யாகத் தெரிந்தது.

அந்தக் காட்சிகளின் சத்தத்தை முழுவதும் அணைக்காதீர்கள். பேச்சின் அடியில் 15 அளவுக்கு வைத்து, பேச்சு இல்லாத இடத்தில் மட்டும் 60, 70 வரை ஏற்றுங்கள். இதற்குக் காட்சியை அந்த இடத்தில் Split செய்து, துண்டுக்குத் துண்டு ஒலி அளவை மாற்றினால் போதும்.

எழுத்து

விரார் பக்கமோ கல்யாண் பக்கமோ போகும் லோக்கலில் நின்றுகொண்டு பார்க்கிறவர்களில் பலர் சத்தத்தை அணைத்துத்தான் பார்க்கிறார்கள். அவர்களுக்கு எழுத்துதான் குரல். ஐந்து வாக்கியம்தானே, தானாக எழுத்து போடும் வசதியை நம்பாமல் கையால் தட்டச்சு செய்துவிடுங்கள். திருநெல்வேலிப் பேச்சை அது கேட்டு எழுதினால் திருத்துவதற்கே அதிக நேரம் ஆகும்.

எழுத்துரு விஷயத்தில் தமிழுக்கென்று சில தனிச் சிக்கல்கள் உண்டு. செயலியில் வரிசையாக இருக்கும் அலங்கார எழுத்துருக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கானவை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் தமிழ் எழுத்து மாறாமல் ஒரே மாதிரி இருந்தால், அந்த எழுத்துருவில் தமிழ் இல்லை, போன் தன்னிடம் இருப்பதைக் காட்டுகிறது என்று பொருள். கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் Noto Sans Tamil, Mukta Malar, Catamaran, Baloo Thambi 2, Hind Madurai எல்லாம் இலவசம். இறக்கி, ஜிப்பைப் பிரித்து, உள்ளே இருக்கும் .ttf கோப்பைச் செயலியின் எழுத்துருப் பகுதியில் சேருங்கள். நான் Mukta Malar-இன் கொஞ்சம் தடித்த வடிவத்தைப் போட்டேன். மிகவும் தடித்ததைப் போட்டால் ணை, ஞ, லை போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். மெல்லியதைப் போட்டால் புள்ளி காணாமல் போகும். நுரைக்கும் எண்ணெயின் மேல் புள்ளி தெரியாவிட்டால் படிக்கிறவர் தடுமாறுவார். எழுத்தைச் சுற்றித் தடித்த கறுப்புக் கோடு போடுவதும் சுழியை அடைக்கும். அதற்குப் பதிலாக எழுத்துக்குப் பின்னால் பாதி ஒளி ஊடுருவும் கறுப்புப் பட்டை வையுங்கள்.

அடுத்தது எழுத்து ஒவ்வொன்றாக வந்து விழும் அசைவு. தமிழில் அதைத் தவிருங்கள். "கொ" என்பது கண்ணுக்கு ஓர் எழுத்து, உள்ளே அது க-வும் உயிர்க்குறியும் சேர்ந்தது. செயலி அதைப் பிரித்துக் காட்டினால் கொம்பு தனியாகவும் கால் தனியாகவும், நடுவில் ஒரு புள்ளிவட்டமும் வந்து நிற்கும். எழுத்து இடைவெளியைக் கூட்டினாலும் சில செயலிகளில் இதே கோளாறு வரும். இடைவெளி 0-விலேயே இருக்கட்டும், அசைவு வேண்டுமானால் முழு வரியும் ஒன்றாக வரும் மெல்லிய தோற்றத்தோடு நிறுத்துங்கள்.

வரியை எங்கே உடைப்பது? தமிழ்ச் சொற்கள் நீளமானவை, 9:16 திரையின் அகலத்தில் படிக்கிற அளவில் இரண்டு அல்லது மூன்று சொல்தான் பிடிக்கும். செயலியே உடைக்க விட்டால் அர்த்தத்தைப் பார்க்காமல் இடம் முடிந்த இடத்தில் உடைக்கும். நாமே இப்படி உடைத்தோம்:

மாவு இறுகிருச்சின்னா
சுத்து உடையும்

இளகிருச்சின்னா
திருகு நிக்காது

இவை இரண்டும் தனித்தனி எழுத்துத் துண்டுகள். குரல் "இளகிருச்சின்னா" என்று தொடங்கும்போதுதான் இரண்டாவது தோன்ற வேண்டும். முன்கூட்டியே தோன்றினால் கண் படித்து முடித்துவிட்டுக் குரலுக்காகக் காத்திருக்கும். ஒவ்வொரு துண்டும் சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் நிற்கட்டும், சத்தமில்லாமல் பார்க்கிறவருக்கு அந்த நேரம் தேவை.

அக்கா சொன்னது "ஒடையும்", நான் எழுதியது "உடையும்". "நெழல்ல ஒணத்தி" என்பதை "நிழல்ல உணத்தி" என்று எழுதினேன். ஆனால் "இறுகிருச்சின்னா" என்பதை "இறுகிவிட்டால்" என்று மாற்றவில்லை. காதில் ஒன்றும் கண்ணில் வேறொன்றும் வந்தால் பார்க்கிறவருக்கு உறுத்தும். முழுக்கப் பேச்சுப்படியே எழுதினாலோ வேகமாகப் படிக்க முடியாது. சொல்லை மாற்றாமல், படிக்கத் தடங்கலாக இருக்கும் முதல் எழுத்தை மட்டும் திருத்துவது என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். பேசுகிறவரின் ஊர் அந்தப் பேச்சில் இருக்கிறது. அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

எழுத்தைத் திரையின் நடுவுக்குச் சற்றுக் கீழே வையுங்கள். அடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கணக்கின் பெயரும் பதிவின் வரிகளும் மறைத்துவிடும். வலது ஓரத்தில் லைக், ஷேர் பொத்தான்கள். அந்த இரண்டு இடத்திலும் எழுத்து போகக் கூடாது. போட்டு முடித்ததும் போனைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்துச் சத்தமில்லாமல் ஒருமுறை பாருங்கள். கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் எழுத்து சிறிது.

விலையை வீடியோவுக்குள் எழுதாதீர்கள். வெண்ணெய் விலை ஏறினால் முறுக்கு விலையும் மாறும். போட்ட வீடியோவை உள்ளே திருத்த முடியாது, ஆனால் இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் பதிவோடு எழுதும் வரிகளை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். விலை, ஆர்டர் எண், எந்தத் தேதி வரை என்பதெல்லாம் அங்கே.

பின்னணி இசை

இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பிடித்த சினிமாப் பாட்டை இறக்கி வீடியோவோடு ஒட்டிவிட்டால், தளம் அதை அடையாளம் கண்டு ஒலியை அணைக்கலாம், வீடியோவையே தடுக்கலாம். தேவாரமோ திருப்புகழோ பழைய பாடல்தானே என்று நினைப்பவர்களும் உண்டு. பாடல் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் அதை ஒருவர் பாடிப் பதிந்த ஒலிப்பதிவுக்கு உரிமையாளர் இருக்கிறார். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவு வெளியான பிறகு 60 ஆண்டு அந்த உரிமை நிற்கும்.

இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே பாட்டு சேர்க்கும் வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். அந்தப் பாடல்கள் தனிப்பட்ட பயன்பாட்டுக்கானவை. அக்கா மாதிரி விற்பனைக்காகப் பதிவிடுகிறவர்களுக்கு மெட்டா தனியாக Sound Collection வைத்திருக்கிறது, அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்குத்தான், அதே கோப்பை யூடியூபில் போட முடியாது. யூடியூபுக்கு YouTube Studio-வில் Audio Library இருக்கிறது. ப்ரவுசரில் திறந்து இறக்கிக்கொள்ளலாம். அதில் சிலவற்றுக்கு இசையமைத்தவர் பெயரைக் குறிப்பில் போட வேண்டும் என்ற நிபந்தனை உண்டு, இறக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஷார்ட்ஸ் இப்போது 3 நிமிடம் வரை போகலாம் என்றாலும், ஒரு நிமிடத்தைத் தாண்டியதில் உரிமை கோரப்பட்ட பாட்டு இருந்தால் அது தடுக்கப்படலாம்.

எங்களுக்கு இன்ஸ்டாகிராம், யூடியூப், வாட்ஸ்அப் மூன்றிலும் போட வேண்டியிருந்தது. அதனால் தெரிந்த பையன் ஒருவனைக் கஞ்சிரா வாசிக்கச் சொல்லி, போனிலேயே 40 விநாடி பதிந்துகொண்டோம். அவன் வாசிப்பு, அவன் சம்மதம், எங்கும் போடலாம். சுற்றிலும் தப்பு அடிக்கிறவர்களும் தவில் வாசிக்கிறவர்களும் இருக்கும் இடத்தில் இதுவே எனக்குச் சரியான வழியாகப் படுகிறது. பாடல் வரி இல்லாத இசையாக மட்டும் இருக்கட்டும். பேச்சோடு பாட்டு வரி மோதினால் இரண்டும் புரியாது.

அளவு விஷயத்தில் கணக்கு எளிது. பேச்சு 100 என்றால் பின்னணி இசை 10 முதல் 15. வேலை செய்யும்போது இது குறைவாகத் தோன்றும், ஏற்றத் தோன்றும். நமக்கு அந்தப் பேச்சு மனப்பாடம் ஆகிவிட்டதால் வரும் மயக்கம் அது. முதல் முறை கேட்பவருக்கு 25 வைத்தாலே சொல் மங்கிவிடும். இயர்போனில் சரிபார்த்த பிறகு, இயர்போனைக் கழற்றி போனின் ஸ்பீக்கரில் மூன்றில் ஒரு பங்கு சத்தத்தில் கேளுங்கள். சின்ன ஸ்பீக்கரில் அடித்தொனி வராது, நடுத்தொனிதான் வரும், குரலும் அங்கேதான் இருக்கிறது. அதனால் இயர்போனில் ஒதுங்கி இருந்த இசை ஸ்பீக்கரில் குரலின் மேல் ஏறி உட்காரும். தாதர் நடைமேடையில் நின்று கேட்டாலும் ஐந்து வாக்கியமும் புரிய வேண்டும்.

இசையைத் தொடக்கத்திலிருந்தே ஓட விடவில்லை. முதல் நான்கு விநாடி குரலும் விரலும் மட்டும். அரிசி ஊறுவதைச் சொல்லும் இடத்தில் கஞ்சிரா மெல்ல நுழைகிறது, ஒரு விநாடி Fade. நுரை அடங்கி முறுக்கை எடுத்ததும் இசையை நிறுத்திவிட்டோம். ஒரு விநாடி அமைதி. பிறகு முறுக்கை உடைக்கும் "படக்". அந்தச் சத்தம் இந்த வீடியோவின் உயிர், அதன் மேல் எதுவும் ஓடக் கூடாது. அதற்கடுத்து ஆர்டர் சொல்லும் வாக்கியத்தோடு கஞ்சிரா திரும்பி வந்து, கடைசி ஒன்றரை விநாடியில் தணிகிறது. இசையை வெட்டும்போது தாளத்தின் ஆவர்த்தம் முடியும் இடத்தில் வெட்டுங்கள். நடுவில் வெட்டினால் தாளம் தெரியாதவர்களுக்கும் தட்டும்.

வெளியே எடுப்பது

ஏற்றுமதிக்கு முன் இரண்டு முறை பாருங்கள்: ஒருமுறை சத்தமில்லாமல், ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு. இரண்டிலும் விஷயம் புரிந்தால் Export. 1080p, 30 fps. பிட்ரேட் 12 Mbps வைத்தால் 45 விநாடி வீடியோ ஏறத்தாழ 67 எம்.பி வரும், அது போதுமான தரம். இசைத் தடத்தை அணைத்துவிட்டு இன்னொரு பிரதியும் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஏதாவது ஒரு தளத்தில் இசையால் சிக்கல் வந்தால் அதைப் போடலாம்.

எடிட் செய்த போனிலிருந்து அக்காவின் போனுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள். அது சுருக்கிவிடும், நுரையும் மாவும் கட்டம் கட்டமாக உடையும். டாக்குமென்டாக அனுப்புங்கள். இன்ஸ்டாகிராம் செட்டிங்கில் Upload at highest quality என்பதையும் போட்டுக்கொள்ளுங்கள். முகப்புப் படத்துக்கு முழு முறுக்கு நடுவில் இருக்கும் ஃப்ரேமைத் தேர்ந்தெடுங்கள். கணக்கின் பக்கத்தில் மேலும் கீழும் வெட்டித்தான் காட்டும்.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தமிழர்களுக்குத் தமிழ் எழுத்து சரி. ஆனால் அக்காவிடம் வாங்குகிறவர்களில் இந்தி, மராத்தி பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே வீடியோவில் இரண்டு மொழி எழுத்தை அடுக்கினால் திரை நிரம்பிக் கைவேலை மறைந்துவிடும். ப்ராஜெக்டை Duplicate செய்து, எழுத்துத் துண்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து இந்தியில் மாற்றி, தனி வீடியோவாக எடுத்தோம். குரல் அதே தமிழ்க் குரல்தான். இரண்டு ப்ராஜெக்டையும் செயலியிலிருந்து அழிக்காமல் வைத்திருக்கிறோம். செயலியை நீக்கினால் அவையும் போய்விடும் என்பதால் மூலக் காட்சிகளையும் எழுத்துருக் கோப்பையும் கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டாயிற்று. பொங்கலுக்கு அக்கா அதிரசம் போடப் போகிறாராம், கடைசி வாக்கியத்தில் "மொத நாளு சொன்னீங்கன்னா" என்று தொடங்கும் பகுதியையும் அறைச் சத்தத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.